முறிந்த கிளையும் உதிர்ந்த இலையும்

பெருங்காற்றில் பாதி முறிந்து தொங்கும் கிளையொன்றைச் சில நாட்கள் கழித்துப் பார்த்தால் ஒரு விந்தை தெரியும். அதன் இலைகள் பழுப்பேறிச் சருகாகிவிட்டிருக்கும், ஆனால் உதிர்ந்திருக்கமாட்டா. அதே மரத்தின் முறியாத கிளைகளிலோ, முதிர்ந்த இலைகள் ஒவ்வொன்றாகக் காம்போடு கழன்று நிலத்தில் கிடக்கும். செத்த கிளையின் இலை ஒட்டிக்கொண்டிருக்கிறது. உயிருள்ள கிளையின் இலைதான் விழுகிறது.

இதற்குக் காரணம் எளிது. இலைக்காம்பின் அடியில் மெல்லிய செல் அடுக்கு ஒன்று உண்டு. இலை உதிரும் காலம் வரும்போது அந்த அடுக்கின் செல்கள் நொதிகளைச் சுரந்து, தம்மை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் பசையைக் கரைக்கின்றன. அவ்வேலைக்கு ஆற்றல் வேண்டும், உயிர் வேண்டும். முறிந்த கிளையில் அவ்வுயிர் இல்லாமையால் இலை உதிர வழியில்லை. தமிழ் வினையமைப்பில் இவ்வேறுபாடு ஒரே வேருக்குள் அடங்கியிருக்கிறது. இலை உதிர்ந்தது என்கிறோம். மரம் இலையை உதிர்த்தது என்றும் சொல்கிறோம். முதலாவது இலைக்கு நேர்ந்தது. இரண்டாவது மரம் செய்தது. உடலில் ஒரு செல் சாகும்போதும் இதே கேள்வி எழுகிறது: அதற்கு ஏதோ நேர்ந்ததா, அல்லது அது எதையோ செய்ததா?

இக்கேள்விக்கு ஒரு பெயர் தேவைப்பட்டபோது, ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்து நோயியலாளர்கள் அதே பல்கலைக்கழகத்தின் கிரேக்கத் துறையை நாடினர். கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மக் தந்த சொல் ‘அப்போப்டோசிஸ்’. பூவிலிருந்து இதழும் மரத்திலிருந்து இலையும் உதிர்வதைக் குறிக்கும் சொல் அது. 1972ஆம் ஆண்டு ஜான் கெர், ஆண்ட்ரூ வைலி, அலஸ்டேர் கரி மூவரும் எழுதிய கட்டுரையில் அச்சொல் அறிவியலுக்குள் நுழைந்தது. சொல்லின் பிறப்பையும், அதை எப்படி ஒலிக்க வேண்டும் என்பதையும் விளக்க அவர்கள் ஓர் அடிக்குறிப்பே எழுதினார்கள். ஆனால் அச்சொல் குறிக்கும் காட்சியைக் கெர் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே பார்த்துவிட்டிருந்தார். பார்த்ததற்கும் பெயரிட்டதற்கும் இடைப்பட்ட அந்தக் காலம் அறியத்தக்கது.

ஆஸ்திரேலியரான கெர் 1960களின் தொடக்கத்தில் லண்டனில் முனைவர் பட்ட ஆய்வில் இருந்தார். அவர் எடுத்துக்கொண்ட உறுப்பு எலியின் கல்லீரல். கல்லீரலுக்கு இரு வழிகளில் குருதி வருகிறது. ஏறத்தாழ முக்கால் பங்கு, குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியே. எஞ்சியது கல்லீரல் தமனி வழியே. கெர் கல்லீரலின் சில மடல்களுக்குச் செல்லும் போர்ட்டல் சிரைக் கிளைகளை மட்டும் கட்டிவிட்டார். தமனியைத் தொடவில்லை. ஆகவே அம்மடல்களுக்குப் பட்டினி நேர்ந்தது. ஆனால் முழுப் பட்டினி அன்று.

சில மணி நேரத்திற்குள் மடல்களில் திட்டுத் திட்டாகச் செல்கள் செத்தன. குருதி வந்து சேரும் இடத்திலிருந்து மிகத் தொலைவில், அதாவது குருதி வெளியேறும் நுண்சிரைகளைச் சுற்றி இருந்த செல்கள் அவை. அந்தச் சாவு நோயியலாளர்களுக்குப் பழக்கமானது. நெக்ரோசிஸ், தமிழில் திசு நசிவு. அதன் போக்கும் தெரிந்ததே. ஆக்சிஜன் நின்றால் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி தீர்கிறது. ஏடிபி தீர்ந்தால், சோடியத்தை ஓயாமல் வெளியே இறைத்துக்கொண்டிருக்கும் சவ்வுப் புரதம் நின்றுபோகிறது. சோடியம் உள்ளே தங்க, அதன் பின்னே நீர் புகுகிறது. செல் ஊதுகிறது, சவ்வு கிழிகிறது, உள்ளிருந்தவை வெளியே கொட்டுகின்றன. கொட்டியவற்றுள் சில, அண்டையில் காவலிருக்கும் நோயெதிர்ப்புச் செல்களுக்கு அபாய மணியாகின்றன. வெள்ளையணுக்கள் விரைந்து வர, அழற்சி மூள்கிறது. மாரடைப்புக்குப் பின் குருதியில் ட்ரோபோனின் தேடுவதும் இந்தக் கிழிசலின் தடயத்தையே. இதயத்தசைச் செல்லுக்குள் இருக்கவேண்டிய புரதம் குருதியில் மிகுந்து காணப்பட்டால், எங்கோ செல்கள் சிதைந்து சவ்வுகள் கிழிந்திருக்கின்றன.

கெர் எதிர்பாராதது, உயிர்பிழைத்த பகுதியில் நிகழ்ந்தது. தமனிக் குருதியை நம்பி வாழ்ந்த செல்கள் நலமாகவே இருந்தன. ஆயினும் அடுத்த சில வாரங்களில் அந்த மடல்கள் சுருங்கிக்கொண்டே போயின. எங்கும் புதிய நசிவுத் திட்டுகள் இல்லை. அழற்சியும் இல்லை. உருப்பெருக்கியில் கூர்ந்து பார்த்தபோது, நலமான செல்களுக்கு நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிறு உருண்டைகள் தெரிந்தன. ஒவ்வொன்றும் ஒரு செல் சுருங்கி, துண்டு துண்டாகப் பிரிந்த எச்சம். சில துண்டுகளில் அடர்ந்து கறுத்த உட்கருப் பொருளும் இருந்தது. அத்துண்டுகளைக் கல்லீரலில் வாழும் விழுங்கு செல்களும், பக்கத்துக் கல்லீரல் செல்களுமே விழுங்கிக்கொண்டிருந்தன.

நசிந்த செல்லிலிருந்து இது வேறானது என்பதற்குக் கெர் ஒரு சான்றும் வைத்திருந்தார். செல்லுக்குள் லைசோசோம் என்னும் சிறு பைகள் உண்டு. செரிக்கும் நொதிகள் அவற்றுள் அடைபட்டிருக்கின்றன. அந்நொதிகளுக்குச் சாயமேற்றிப் பார்த்தால், நசிவுத் திட்டுகளில் பைகள் கிழிந்து நொதி எங்கும் பரவியிருந்தது. சுருங்கிய உருண்டைகளிலோ பைகள் அப்படியே இருந்தன. வீட்டில் எதுவும் உடையவில்லை. ஆனால் வீடு மடிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

1971இல் கெர் இதற்கு ‘சுருங்கு நசிவு’ என்று பொருள்படும் பெயரை வைத்தார். அப்பெயர் ஓர் இடையூறு. அடைமொழி எதுவாயினும் தலைச்சொல் நசிவு. ஆகவே படிப்பவர் மனத்தில் அது நசிவின் ஒரு வகையாகவே பதியும். நசிவு என்றால் ஏதோ தாக்கியிருக்கவேண்டும். தாக்கியது எது என்ற தேடலே எழும். அச்செல் தானே ஏதேனும் செய்ததா என்ற கேள்விக்கு அப்பெயரில் இடமில்லை. இப்படிப்பட்ட சுருங்கிய செல்களை 1885ஆம் ஆண்டிலேயே வால்தர் ஃபிளெமிங் சினைப்பைத் திசுவில் கண்டு வரைந்திருக்கிறார். கண்டவர்கள் பலர், ஆனால் ஓர் உறுப்பில் கண்டதும் இன்னோர் உறுப்பில் கண்டதும் ஒன்றே என்று சேர்த்துச் சொல்ல ஒரு சொல் இல்லை. கெர்ரின் கல்லீரலும், வைலியும் கரியும் பார்த்துவந்த அட்ரினல் சுரப்பியும், வளரும் கருவில் மறையும் திசுக்களும் ஒரே பெயரின் கீழ் வந்தது 1972இல்தான். அன்றுமுதல் ஆய்வாளர் கேட்ட கேள்வி மாறியது: செல்லைக் கொன்றது எது என்பது போய், செல் இதை எப்படிச் செய்கிறது என்பது வந்தது.

அதற்கான விடை ஒரு புழுவிலிருந்து வந்தது. சி. எலிகன்ஸ் என்னும் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு வளரும்போது 1,090 உடற்செல்கள் தோன்றுகின்றன. அவற்றுள் 131 செல்கள் தவறாமல் மடிகின்றன. எந்தப் புழுவிலும் அதே செல்கள், ஏறத்தாழ அதே நேரத்தில். ராபர்ட் ஹார்விட்சின் ஆய்வகம் இச்சாவுக்கு இன்றியமையாத மரபணுக்களைத் தேடிக் கண்டது. அவற்றுள் ஒன்று, செட்-3, பழுதானால் அந்த 131 செல்களும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன. 1993இல் அம்மரபணுவின் எழுத்து வரிசை வெளியானபோது, அது புரதத்தை வெட்டும் ஒரு மனித நொதியை ஒத்திருந்தது. இன்று நாம் காஸ்பேஸ் என்றழைக்கும் குடும்பம் அதுவே. 1996இல் வந்த இப்பெயரும் ஒரு சுருக்கக் குறிப்புதான். முதலெழுத்து சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கிறது. நொதியின் கத்திமுனை அதுவே. எஞ்சிய பகுதி, அஸ்பார்ட்டிக் அமிலத்தை அடுத்து வெட்டும் நொதி என்பதைக் குறிக்கிறது.

இவ்வெட்டின் இயல்பை உணர, சுவடியை நினைத்துக்கொள்ளலாம். பழஞ்சுவடியில் சொற்கள் இடைவெளியின்றி ஒட்டி ஓடும். பதம் பிரிப்பவர் கண்ட இடத்தில் பிரிப்பதில்லை. எழுத்துகளின் வரிசையைப் படித்து, பொருள் நிற்கும் இடத்தில் மட்டும் பிரிக்கிறார். கறையான் அப்படியன்று, ஓலையை எங்கும் தின்னும். நசிவில் கட்டவிழ்ந்து பரவும் செரிமான நொதிகள் கறையானைப் போன்றவை. காஸ்பேஸ் பதம் பிரிப்பது. காஸ்பேஸ்-3 மிக விரும்பும் வரிசை நான்கு அமினோ அமிலங்கள் நீளமுடையது: அஸ்பார்ட்டிக் அமிலம், குளுட்டாமிக் அமிலம், வேலின், மீண்டும் அஸ்பார்ட்டிக் அமிலம். அந்த நான்காவதை அடுத்து வெட்டு விழும். முதல் மூன்று இடங்களில் ஓரளவு வேறுபாட்டை அது பொறுத்துக்கொள்ளும். நான்காவதில் பொதுவாகப் பொறுப்பதில்லை. அவ்வரிசை இருந்தாலும், புரதத்தின் மடிப்புக்குள் புதைந்திருந்தால் வெட்டு விழாது. எனவே செல்லின் பல்லாயிரம் புரதங்களுள் பல நூறு மட்டுமே வெட்டுப்படுகின்றன. அவையும் பெரும்பாலும் ஓரிரு இடங்களில் மட்டும்.

இனி, கெர் பார்த்ததைப் போன்ற ஒரு கல்லீரல் செல்லை எடுத்துக்கொள்வோம். 1960களில் எவருக்கும் தெரிந்திராத சங்கிலி இது. பிற்காலத்தில் பல ஆய்வகங்கள் கண்ணி கண்ணியாகக் கோத்தது. போர்ட்டல் குருதி சுமந்துவரும் வளர்ச்சிக் குறிப்புகள் குறைந்துவிட்டன. செல்லுக்குள் வாழ்வைத் தாங்கும் புரதங்களுக்கும் சாவைத் தூண்டும் புரதங்களுக்கும் இடையிலான இழுபறியில் பின்னவை வென்றால், மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் துளைகள் விழுகின்றன. உள்ளே ஆற்றல் ஆக்கத்தில் பணியாற்றிய சைட்டோகுரோம் சி என்னும் சிறு புரதம் வெளியே வருகிறது. அது அபாஃப்-1 என்னும் புரதத்தைப் பற்ற, அத்தகைய ஏழு இணைகள் கூடி ஒரு சக்கரமாகின்றன. அச்சக்கரம் அமைய ஏடிபியோ அதன் நெருங்கிய உறவான டிஏடிபியோ வேண்டும். சக்கரத்தின் நடுவில் காஸ்பேஸ்-9 விழித்துக்கொள்கிறது. அது காஸ்பேஸ்-3ஐ ஓரிடத்தில் வெட்டுகிறது; அந்த வெட்டே காஸ்பேஸ்-3ஐ எழுப்பும். உறங்கும் வடிவில் அது எப்போதும் செல்லுக்குள் இருந்ததுதான். புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை. உறை கழன்றால் போதும்.

எழுந்த காஸ்பேஸ்-3 செய்யும் வெட்டுகளில் மூன்றை மட்டும் பார்ப்போம். கெர் கண்ட உருண்டையின் முக்கியக் கூறுகளை அவையே விளக்கிவிடும்.

முதலாவது, சிறை திறக்கும் வெட்டு. டிஎன்ஏவைத் துண்டிக்கும் சிஏடி என்ற நொதி, பிறக்கும்போதே தன்னைப் பற்றியிருக்கும் ஒரு காவல் புரதத்தோடு வாழ்கிறது. அக்காவல் புரதம் இல்லாவிடில் சிஏடி சரியாக மடிந்து உருக்கொள்ளவே முடியாது. உருக்கொண்டபின் வேலை செய்யவும் அது விடுவதில்லை. காஸ்பேஸ் வெட்டுவது காவல் புரதத்தைத்தான். விடுபட்ட சிஏடி, டிஎன்ஏவை அது சுற்றப்பட்டிருக்கும் உருளைகளுக்கு இடைப்பட்ட வெற்றிடங்களில் வெட்டுகிறது. ஆகவே துண்டுகளின் நீளம் ஏறத்தாழ 180 எழுத்துகள், அல்லது அதன் இருமடங்கு, மும்மடங்கு என ஒழுங்காக அமைகிறது. மின்புலம் செலுத்திய ஜெல்லில் அது ஏணிப்படிகளாகத் தெரியும். வைலி அந்த ஏணியை 1980இலேயே தைமஸ் செல்களில் காட்டியிருந்தார். அதை வெட்டிய கை சிஏடி என்பது 1998இல்தான் தெரிந்தது. நசிந்த செல்லின் டிஎன்ஏவோ பெரும்பாலும் படியற்ற நீண்ட கறையாகத் தெரியும்.

இரண்டாவது, கட்டறுக்கும் வெட்டு. செல்லின் எலும்புக்கூடு போன்ற இழைகளைச் சுருங்கச்செய்யும் ராக்-1 என்ற நொதி, தன் வாலாலேயே தன்னை அடக்கி வைத்திருக்கிறது. காஸ்பேஸ் அந்த வாலை வெட்டிவிடுகிறது. பின் அதை நிறுத்த எதுவும் இல்லை. இழைகள் இறுகுகின்றன, செல் சுருங்கிக் கொப்புளங்களாகப் பிதுங்குகிறது. கொப்புளம் என்றால் கிழிசல் என்று கொள்ளக்கூடாது. ஒவ்வொரு கொப்புளத்தையும் முழுச் சவ்வு மூடியிருக்கிறது. பிரியும் துண்டும் மூடியே பிரிகிறது.

மூன்றாவது, முகவரி எழுதும் வெட்டு. செல்சவ்வு ஈரடுக்கு. பாஸ்பட்டிடைல்செரின் என்ற கொழுப்பு உள்ளடுக்கில் மட்டும் இருக்கவேண்டும். வெளியே நழுவியதை ஏடிபி செலவிட்டு உள்ளே திருப்பும் புரதம் ஒன்று காவலிருக்கிறது. காஸ்பேஸ் அதை வெட்டிச் செயலிழக்கச் செய்கிறது. அதேவேளையில், இரு அடுக்குகளையும் கலக்கிவிடும் எக்ஸ்கேஆர்8 என்ற இன்னொரு புரதத்தை வெட்டிச் செயலுறச் செய்கிறது. ஒரே கத்தி, ஒன்றை அணைக்கிறது, மற்றொன்றை ஏற்றுகிறது. வெளியே வந்த கொழுப்பைக் கண்டு விழுங்கு செல் அருகணைகிறது. கெர் பார்த்த விழுங்கல் இப்படித்தான் அழைக்கப்பட்டது.

இந்த ஒழுங்கு முழுவதும் ஆற்றலைச் செலவிட்டே நடக்கிறது. 1997இல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் இரு குழுக்கள் மனித டி-செல்களைக் கொண்டு இதைத் தனித்தனியே காட்டின. அப்போப்டோசிசைத் தூண்டும் அதே தூண்டலை, ஏடிபி வற்றிய செல்களுக்குக் கொடுத்தபோது அவை நசிந்து செத்தன. ஏடிபியை மீட்டுக் கொடுத்தால் மீண்டும் ஒழுங்கான மடிவு. கெர்ரின் கல்லீரலில் அடுத்தடுத்த இரு பகுதிகள் இரு விதமாக ஏன் செத்தன என்பதை இதைக்கொண்டு புரிந்துகொள்ளலாம். குருதி எட்டாத பகுதிக்குச் சக்கரம் பூட்டவும் ஆற்றல் இல்லை. அது முறிந்த கிளை. தமனிக் குருதி எட்டிய பகுதிக்கு ஆற்றல் இருந்தது, வேலைதான் இல்லை. அது உதிர்த்தது.

வாரக்கணக்கில் சுருங்கிய மடலில் ஒரு சமயத்தில் சில உருண்டைகளே தெரிந்தது ஏன் என்பதும் இங்கே விளங்கும். மடிந்த செல் சில மணி நேரத்தில் விழுங்கப்பட்டு மறைகிறது. ஒரு கணக்குக்காக, அது மூன்று மணி நேரம் கண்ணுக்குத் தெரியும் என்று கொள்வோம். எந்நேரமும் நூற்றில் ஒரு செல் மடிவதாகத் தெரிந்தால், ஒரு நாளில் நூற்றுக்கு எட்டு செல்கள் போய்விடும். காட்சியில் ஒன்று, கணக்கில் எட்டு. நசிவின் திட்டு பல நாள் கிடந்து தன்னைக் காட்டும். மடிவு தன் தடயத்தைத் தானே துடைத்துவிடும். நோயியலாளர் கண்ணுக்கு அது நெடுங்காலம் தப்பியதில் வியப்பில்லை.

இன்றைய ஆய்வகத்திலும் இதே காலக்கணக்குதான் மாணவரை ஏமாற்றுகிறது. வழக்கமான சோதனையில் இரு சாயங்கள் உண்டு. அனெக்சின் வி வெளிவந்த பாஸ்பட்டிடைல்செரினைப் பற்றும். புரோபிடியம் அயோடைடு சவ்வு கிழிந்தால் மட்டும் உள்ளே போய் டிஎன்ஏவைப் பற்றும். முதலாவது மட்டும் ஏறினால் அப்போப்டோசிசின் தொடக்கம் என்று கொள்கிறோம். இரண்டும் ஏறினால்? சவ்வு கிழிந்த செல்லுக்குள் அனெக்சினும் நுழைந்து உள்ளடுக்கைப் பற்றும். ஆகவே அது நசிவாக இருக்கலாம். ஆனால் கண்ணாடித் தட்டில் வளரும் செல்களுக்கு விழுங்கு செல்கள் துணையில்லை. அங்கே ஒழுங்காக மடிந்த செல்லும், எடுத்துச்செல்ல ஆளின்றிக் கிடந்து, இறுதியில் கிழிந்துபோகும். மருந்திட்ட 24ஆம் மணியில் மட்டும் பார்க்கும் மாணவர் இரண்டும் ஏறியதைக் கண்டு, மருந்து நசிவை உண்டாக்குகிறது என்று எழுதிவிடுவார். நான்காம் மணியிலும் எட்டாம் மணியிலும் பார்த்திருந்தால், அதே செல்கள் அனெக்சின் மட்டும் ஏறிய நிலையைக் கடந்து வந்தது தெரிந்திருக்கும். வெட்டுண்ட காஸ்பேஸ்-3ஐ மட்டும் அறியும் எதிர்ப்பொருளைக் கொண்டும் சரிபார்க்கலாம். அறுந்த டிஎன்ஏ நுனிகளுக்குச் சாயமேற்றும் முறையை மட்டும் நம்புவது கூடாது. நசிவிலும் டிஎன்ஏ அறுபடுகிறது, நுனிகள் அங்கும் உண்டு.

இவ்வளவுக்கும் பின் ஒரு கேள்வி எஞ்சுகிறது. காஸ்பேஸ்தான் செல்லைக் கொல்கிறது என்றால், காஸ்பேஸைத் தடுத்தால் செல் பிழைக்க வேண்டுமே? புழுவில் பிழைக்கிறது, செட்-3 பழுதான புழுவில் அந்த 131 செல்கள் அதைத்தான் காட்டின. பாலூட்டியின் செல்லில் நிலை வேறு. மைட்டோகாண்ட்ரியாவில் துளை விழுந்தபின் காஸ்பேஸைத் தடுத்தால், பெரும்பாலும் செல் பிழைப்பதில்லை. ஆற்றல் ஆக்கம் குலைந்துவிட்டது. சற்றுத் தாமதித்து, வேறு விதமாக அது செத்தே போகிறது. மாறுவது சாகும் விதம்.

அந்த விதம் மாறுவதில் என்ன இருக்கிறது என்பதை 2014இல் வெளியான இரு ஆய்வுகள் காட்டின. மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனக்கென டிஎன்ஏ உண்டு. துளை விழுந்து செல் மடியும்போது அந்த டிஎன்ஏ செல்லின் உட்திரவத்துக்கு வந்துவிடக்கூடும். இருக்கக்கூடாத இடத்தில் டிஎன்ஏவைக் கண்டால், வைரஸ் புகுந்துவிட்டது என்று செல் முடிவு செய்யும். இன்டர்ஃபெரான் சுரந்து அண்டைச் செல்களுக்கு எச்சரிக்கை விடுக்கும். வழக்கமான மடிவில் அந்த எச்சரிக்கை எழுவதில்லை, காஸ்பேஸ்கள் அதை அடக்கிவிடுவதால். காஸ்பேஸ்கள் அகற்றப்பட்ட செல்களிலோ எச்சரிக்கை ஓங்கி ஒலித்தது. ஆக, நம் உடலில் காஸ்பேஸின் பெரும்பணி சாவைக் கொணர்வது மட்டுமன்று. சாகும் செல் பொய்யாகக் கூக்குரலிடாதபடி பார்த்துக்கொள்வதும் ஆகும். நாள்தோறும் கோடானுகோடி செல்கள் மடியும் உடலில், ஒவ்வொரு சாவும் வைரஸ் வந்ததாக அறிவித்தால் அந்த உடல் தன்னையே எரித்துக்கொள்ளும்.

ஒழுங்கு ஒருபுறம், சிதைவு மறுபுறம் என்ற கோடும் அவ்வளவு நேரானதன்று. சவ்வு கிழிந்து அழற்சியை மூட்டும் சாவையும் செல் திட்டமிட்டுச் செய்வதுண்டு. காஸ்பேஸ்-8ஐ ஒரு வைரஸ் முடக்கிவிட்டால், செல் வேறொரு புரதத் தொடரை முடுக்கித் தன் சவ்வைத் தானே துளைத்துக்கொள்ளும். நெக்ரோப்டோசிஸ் என்பது அதன் பெயர். காஸ்பேஸ் குடும்பத்திலேயே காஸ்பேஸ்-1 செய்யும் வெட்டு செல்லைக் கிழியவைக்கிறது. புழுவின் செட்-3ஐ 1993இல் அடையாளம் காட்டிய மனித நொதி இதுவேதான். அங்கே கூக்குரல் பொய்யன்று. உள்ளே பகைவன் இருக்கும்போது கத்திவிட்டுச் சாவதே அண்டைச் செல்களுக்கு நன்று. ஆகவே ஒரு சாவைப் பகுத்துச் சொல்லும்போது, திட்டமிட்டதா இல்லையா என்று மட்டும் கேட்டால் போதாது. சவ்வு மூடியிருந்ததா, எந்தக் காஸ்பேஸ் எதை வெட்டியது என்றும் கேட்கவேண்டும்.

தமிழில் அப்போப்டோசிசைச் செல் தற்கொலை என்று எழுதும் வழக்கம் உண்டு. அச்சொல் ஒரு மனத்தையும் அதன் துயரத்தையும் செல்லுக்குள் கொண்டுவந்து வைக்கிறது. செல்லில் இருப்பது ஒரு வரிசையைப் படித்து வெட்டும் நொதி மட்டுமே. கெர்ரின் முதல் பெயர் தாக்கியவனைத் தேடவைத்தது; இப்பெயர் துயருற்றவனைத் தேடவைக்கும். மடிதல் என்ற பழைய வினை நம்மிடம் இருக்கிறது. அது சாவதையும் குறிக்கும். துணி மடிப்பாக அடங்குவதையும் குறிக்கும். சுருங்கி, மூட்டைகளாகப் பிரிந்து, வாய் திறவாமல் எடுத்துச்செல்லப்படும் செல்லுக்கு அவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்துகின்றன. கெர் எலியின் கல்லீரலில் கண்ட உருண்டையைச் செல் மடிவு என்றும், அதன் பக்கத்துத் திட்டைச் செல் நசிவு என்றும் எழுதினால், முதலாமாண்டு மாணவருக்கும் பாதி பாடம் பெயரிலேயே புரிந்துவிடும். மீதியைக் காஸ்பேஸின் வெட்டுகளைக் கொண்டு விளக்கலாம்.